மீஞ்சூர்க் கிணறுகளும் இன்னும் பிறக்காதவர்களும்

கேள்வி: “பிறக்காத ஒருவருக்கு நான் எப்படிக் கடமைப்பட்டவன் ஆவேன்? அவர்தான் இன்னும் இல்லையே. அதோடு, நாம் வேறு விதமாக வாழ்ந்திருந்தால் அவரே பிறந்திருக்க மாட்டார், வேறு யாரோதான் பிறந்திருப்பார் என்றும் படித்தேன். அப்படியானால் வருங்காலத் தலைமுறைக்காகச் சுற்றுச்சூழலைக் காக்க வேண்டும் என்பது வெறும் உணர்ச்சிப் பேச்சுதானா?”

இதில் இரண்டு ஐயங்கள் பின்னிக் கிடக்கின்றன. அவர் இன்னும் இல்லை என்பது ஒன்று. நாம் செய்வதைப் பொறுத்தே அவர் யார் என்பதும் மாறிவிடும் என்பது மற்றொன்று. முதலாவதற்குத் தெளிவான விடை இருக்கிறது. இரண்டாவது, கடந்த நாற்பது ஆண்டுகளாக அறவியலாளர்களைத் திணற வைத்திருக்கும் சிக்கல். சென்னையில் பல ஆண்டுகளாக அறவியல் கற்பித்து வருபவன் என்ற முறையில், இரண்டையும் நம் ஊருக்குப் பக்கத்திலேயே நடந்த ஒரு நிகழ்வை வைத்து விளக்க முயல்கிறேன். பொதுப்படையாகப் பேசினால் இந்த விவாதம் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாய்ந்துவிடும் என்பது என் அனுபவம்.

முதல் ஐயத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ஒரு கட்டடக்காரர் ஆற்று மணலுக்குப் பதிலாகக் கழுவாத கடல் மணலைக் கலந்து கான்கிரீட் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணலில் உள்ள குளோரைடு உள்ளே இருக்கும் கம்பியை மெல்ல மெல்லத் துருப்பிடிக்க வைக்கும். இருபத்தைந்து ஆண்டுகள் கழித்துப் பால்கனி பெயர்ந்து விழுந்து, கீழே விளையாடிக்கொண்டிருந்த எட்டு வயதுக் குழந்தை இறந்துபோகிறது. கலவை போட்ட நாளில் அந்தக் குழந்தை இந்த உலகத்திலேயே இல்லை என்று சொல்லிக் கட்டடக்காரர் தப்பித்துக்கொள்ள நாம் விடமாட்டோம். செயலுக்கும் விளைவுக்கும் இடையில் எவ்வளவு காலம் போனது என்பதோ, பாதிக்கப்பட்டவர் எப்போது பிறந்தார் என்பதோ அங்கே பொறுப்பைக் குறைப்பதில்லை. சட்டமும் இதில் தடுமாறுவதில்லை. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 13ஆம் பிரிவில், இன்னும் பிறக்காத ஒருவரின் நலனுக்காகச் சொத்தை எழுதிவைப்பதற்கு வழி செய்கிறது: முதலில் உயிரோடு இருக்கும் ஒருவருக்கு ஆயுள்கால அனுபவ உரிமை, அவருக்குப் பிறகு மிச்சமுள்ள உரிமை முழுவதும் பிறக்கப்போகும் பேரனுக்கோ பேத்திக்கோ. அந்தப் பேரன் இன்று இல்லை. ஆனாலும் அனுபவ உரிமை மட்டுமே பெற்றவர் இன்று அந்த வீட்டை முழு உரிமையோடு விற்றுவிட முடியாது. ஆகவே, இல்லாதவரை முன்னிட்டு இருப்பவரைக் கட்டுப்படுத்துவது நாம் தினமும் பத்திரப் பதிவு அலுவலகத்தில் செய்துகொண்டிருக்கிற காரியம்தான்.

இரண்டாவது ஐயத்துக்கு மீஞ்சூருக்குப் போக வேண்டும். சென்னைக்கு வடக்கே ஆரணி ஆறும் கொசஸ்தலை ஆறும் கடலை நோக்கி வரும் சமவெளியில், அந்த ஆறுகள் நெடுங்காலமாகக் கொண்டுவந்து சேர்த்த மணல் படுகைக்குள் நல்ல தண்ணீர் தேங்கியிருந்தது. 1960களில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு அங்கே ஆய்வு நடந்தது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் ஆழ்துளைக் கிணறுகள் தொகுதி தொகுதியாக அமைந்தன. மணலியில் அப்போது எழுந்துகொண்டிருந்த தொழிற்சாலைகளுக்கும் நகரத்துக்கும் அங்கிருந்து தண்ணீர் போயிற்று. சுற்றியிருந்த விவசாயிகளும் தங்கள் பங்குக்கு இறைத்தார்கள்.

கடலோர நிலத்தடி நீரின் இயல்பைத் தெரிந்துகொண்டால்தான் அடுத்து நடந்தது புரியும். கடல் நீர் நல்ல நீரைவிட ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு கனமானது. அதனால் மண்ணுக்கடியில் நல்ல நீர் மேலாகவும், உப்பு நீர் அதற்குக் கீழே ஆப்பு வடிவத்திலும் நிற்கும். கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் உயரம் நல்ல நீர் நின்றால், அது கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் நாற்பது மீட்டர் வரை உப்பு நீரை அழுத்தி வைத்திருக்கும் என்பது ஒரு தோராயக் கணக்கு. இதன் மறுபக்கம்தான் அச்சுறுத்துவது: மேலே ஒரு மீட்டர் இறங்கினால், கீழே உப்பு நாளடைவில் நாற்பது மீட்டர் ஏறிவரும். நீர்மட்டம் கடல் மட்டத்துக்கே கீழே போய்விட்டால் கடல் நிலத்துக்குள் நடந்து வரத் தொடங்கும். மீஞ்சூரில் அதுதான் நடந்தது. 1960களின் இறுதியில் கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 3 கிலோமீட்டர் வரை இருந்த உப்பு எல்லை, 1980களில் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் உள்ளே வந்துவிட்டது. பிற்பாடு 10 கிலோமீட்டரையும் தாண்டியது.

இவ்வளவு பெரிய படுகையில் கொஞ்சம் கடல் நீர் கலந்தால் என்ன என்று தோன்றலாம். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 19,000 மில்லிகிராம் குளோரைடு இருக்கிறது. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கும் அளவு 250 மில்லிகிராம். வேறு வழியே இல்லாதபோது 1,000 வரை. நூறு குடம் தண்ணீரில் இரண்டு குடம் கடல் நீர் என்ற அளவில் கலந்தாலே 380 கூடிவிடும்; ஐந்து குடம் என்றால் கடைசி வரம்பைத் தொட்டுவிடும். அந்தப் பகுதி வயல்களில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: பம்புசெட் தொட்டியின் ஓரத்தில் வெள்ளையாகப் பொரிந்து நிற்கும், நெற்பயிரின் தாள் நுனியிலிருந்து பழுப்பாகிக் காய்ந்துகொண்டு வரும், வாயில் வைத்துப் பார்ப்பதற்கு முன்பே விவசாயி “உப்பு ஏறிடுச்சு” என்று சொல்லிவிடுவார். இறைப்பதை நிறுத்தினால் உடனே சரியாகிவிடும் என்பதும் இல்லை. மணலுக்கு இடையில் உள்ள களிமண் அடுக்குகளில் புகுந்துவிட்ட உப்பு வெளியேறப் பல பத்தாண்டுகள் ஆகும். சென்னைப் பெருநகர்ப் பகுதி நிலத்தடி நீரை முறைப்படுத்தும் சட்டம் 1987இல்தான் வந்தது.

இப்போது உங்கள் கேள்வியின் கடினமான பகுதி. இன்று அந்த ஊர்களில் ஒன்றில் பத்து வயதுப் பையன் ஒருவன், வீட்டுக் கிணற்றை விட்டுவிட்டுக் கேன் தண்ணீரை விலைக்கு வாங்கிக் குடிக்கிறான். 1969இல் முடிவெடுத்தவர்களைப் பார்த்து “நீங்கள் எனக்குத் தீங்கு செய்துவிட்டீர்கள்” என்று அவன் சொல்ல முடியுமா? அன்றைக்கே இறைப்பைக் கட்டுப்படுத்தியிருந்தால் மணலித் தொழிற்சாலைகள் வேறு வேகத்தில், ஒருவேளை வேறு ஊரில் வளர்ந்திருக்கும். திருநெல்வேலியிலிருந்து வேலைக்கு வந்த அவனுடைய தாத்தா வந்திருக்க மாட்டார். இங்கே வாடகைக்குக் குடியேறி, பக்கத்துத் தெருப் பெண்ணை மணந்திருக்க மாட்டார். அவ்வளவு தூரம் போக வேண்டியதுகூட இல்லை. ஒரு கருத்தரிப்பு ஒரு மாதம் தள்ளிப்போனாலே பிறப்பது வேறு குழந்தை. கொள்கை அளவிலான எந்தப் பெரிய முடிவும் ஊராரின் வேலை, இடம், நேரம் ஆகிய அனைத்தையும் கலைத்துப் போடுகிறது. இரண்டு மூன்று தலைமுறைக்குள் பழைய முடிவின் உலகத்தில் பிறந்தவர்களில் ஒருவர்கூடப் புதிய முடிவின் உலகத்தில் இருக்க மாட்டார்கள். ஆகவே உப்புக் கிணறு இல்லாத மீஞ்சூர் என்பது அந்தப் பையன் இல்லாத மீஞ்சூர். அவன் வாழ்க்கை வாழத் தகுந்த வாழ்க்கைதான் என்றால், அவனை முன்பிருந்ததைவிட மோசமான நிலைக்கு யாரும் தள்ளவில்லை. ஆக்ஸ்ஃபோர்டு தத்துவவாதி டெரக் பார்ஃபிட் 1984இல் இந்த வாதத்தை இதே கூர்மையோடு முன்வைத்தார். நீங்கள் படித்தது அநேகமாக அதன் ஏதோ ஒரு சுருக்கமாக இருக்கும்.

சுருக்கங்களில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் செய்தி ஒன்று உண்டு. ஆகவே வளங்களைத் தீர்த்துவிடலாம் என்று பார்ஃபிட் முடிக்கவில்லை. வளத்தைத் தீர்ப்பது தவறு என்பதில் அவருக்கு ஐயம் இல்லை. அந்தத் தவற்றை விளக்க “இன்னாருக்குத் தீங்கு” என்ற கருத்து போதாது என்பதே அவர் காட்டியது. போதுமான வேறொரு கோட்பாட்டைத் தேடியும் தமக்குக் கிட்டவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். அதாவது ஆட்டம் காண்பது நம்முடைய விளக்கம்; அதைக் கொண்டு கடமையே இல்லை என்று முடிவு செய்வது தாவல்.

இந்த வாதத்துக்கு எல்லையும் உண்டு. இன்று சென்னையில் பிறந்திருக்கும் குழந்தைகளில் பலர் 2100ஆம் ஆண்டிலும் இருப்பார்கள். அவர்கள் யார் என்பது முடிந்துபோன விஷயம். நம்முடைய இன்றைய முடிவு அவர்களை மாற்றி வேறு யாரையும் கொண்டுவராது. ஆகவே அடுத்த அறுபது, எழுபது ஆண்டுகளில் வரப்போகும் கேட்டில் கணிசமான பகுதிக்கு இந்தப் புதிர் பொருந்தவே பொருந்தாது. அங்கே பழைய, எளிய, இன்னாருக்குத் தீங்கு என்ற விளக்கமே போதும். புதிர் உண்மையில் கடிப்பது அதற்கு அப்பால் உள்ளவர்களைப் பற்றிப் பேசும்போதுதான்.

அவர்களுக்கு என் விடை இது. அந்தப் பையன் “நான் முன்பிருந்ததைவிடக் கீழே போய்விட்டேன்” என்று சொல்ல முடியாது. ஆனால் “எந்த மனிதனுக்கும் கிடைக்க வேண்டிய ஒன்று எனக்குக் கிடைக்காதபடி, தெரிந்தே செய்தீர்கள்” என்று சொல்ல முடியும். முதல் முறையீட்டுக்கு அவனுடைய வேறொரு வாழ்க்கையோடு ஒப்பிட வேண்டும். இரண்டாவதற்கு, எந்த மனிதனும் அதற்குக் கீழே போகக் கூடாது என்ற ஒரு வரம்பு இருந்தால் போதும். 1969இல் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவருக்கு அந்தப் பையன் பெயர் தெரியாது, முகம் தெரியாது, அவன் பிறப்பான் என்பதும் தெரியாது. ஆனால் ஐம்பது ஆண்டுகள் கழித்து அந்த ஊரில் யாரோ இருப்பார்கள், அவர்களுக்குத் தாகம் எடுக்கும், அவர்கள் சிறுநீரகமும் நம்முடையதைப் போலவே இவ்வளவு உப்பைத்தான் தாங்கும் என்பது ஐயமில்லாமல் தெரியும். கடமை பிடித்துக்கொள்ள அதுவே போதும். யார் வந்து நின்றாலும் அவருக்கு உரியது என்று சொல்லக்கூடிய ஒன்றை, யார் வருவார் என்பது நம் செயலாலேயே மாறுகிறது என்பதற்காக மறுத்துவிட முடியாது. வருங்கால மனிதர்களின் ரசனை நமக்குத் தெரியாது, ஆகவே அவர்களுக்கு என்ன வேண்டும் என்று எப்படிச் சொல்வது என்று வகுப்பில் மாணவர்கள் அடிக்கடி கேட்பார்கள். ரசனை தெரியாதுதான். குடிக்கத் தகுந்த நீரும் விளையும் மண்ணும் ரசனையைச் சேர்ந்தவை அல்ல.

இந்த விடைக்கு உள்ள குறையையும் சொல்லிவிட வேண்டும். வரம்பு என்று ஒன்றை வைத்தால், எல்லோரும் வரம்புக்கு மேலே இருக்கும்போது அது வாயடைத்துப்போகும். நம் தேர்வால் வருங்காலத்தவர் நல்ல நிலையில் இருப்பார்கள், வேறு தேர்வால் மிக நல்ல நிலையில் இருந்திருப்பார்கள் என்ற இடத்தில் வரம்புக் கொள்கைக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அதைச் சரிசெய்ய, யாருடையது என்று பாராமல் உலகத்தில் உள்ள மொத்த நன்மையைக் கூட்டிப் பார்க்கலாமே என்பவர்கள் உண்டு. அந்தப் பாதையில் போனால், வாழ்வதற்கு மயிரிழை அளவே தகுதியான வாழ்க்கை வாழும் பெருங்கூட்டம், நிறைவாக வாழும் சிறு கூட்டத்தைவிட மேல் என்ற, யாரும் மனமார ஏற்காத முடிவில் கொண்டுபோய் நிறுத்தும். இதையும் பார்ஃபிட்டே எடுத்துக்காட்டினார். ஆகவே குடிநீர் போன்ற அடிப்படைகளில் நமக்குக் கடமை உண்டு என்பதை நான் உறுதியாகச் சொல்வேன். நம்மைவிடச் செழிப்பாக அவர்களை வைக்கும் கடமை உண்டா என்று கேட்டால், என்னால் உறுதி சொல்ல இயலாது.

இனி, கடமை இருக்கிறது என்று ஒப்புக்கொண்ட பிறகும் அதைக் காகிதத்தில் கரைத்துவிடும் ஒரு கணக்கு இருக்கிறது. பொதுத் திட்டங்களை மதிப்பிடும்போது, பின்னால் வரும் இழப்பை ஆண்டுக்கு இவ்வளவு சதவீதம் என்று கழித்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவருவார்கள். ஐம்பது ஆண்டுகள் கழித்து மீஞ்சூர்ப் படுகை கெடுவதால் 1 கோடி ரூபாய் இழப்பு வரும் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 10 சதவீதம் கழித்தால் அதன் இன்றைய மதிப்பு ஏறத்தாழ 85,000 ரூபாய்தான். 5 சதவீதம் என்றால் சுமார் 8.7 லட்சம், 1.4 சதவீதம் என்றால் ஏறத்தாழ 50 லட்சம். தண்ணீர் அதே தண்ணீர், உப்பு அதே உப்பு. யாரோ ஓர் அலுவலர் தேர்ந்தெடுத்த சதவீதம் அந்தப் படுகையைக் காப்பதா விடுவதா என்பதை முடிவு செய்துவிடுகிறது. 1.4 என்ற கடைசி வீதம், பொருளியலாளர் நிக்கலஸ் ஸ்டெர்ன் 2006இல் பிரிட்டிஷ் அரசுக்கு அளித்த பருவநிலை அறிக்கையில் வருவது. வில்லியம் நார்ட்ஹவுஸ் முதலிய பொருளியலாளர்கள், சந்தையில் மக்கள் காட்டும் வட்டி வீதத்தை விட்டுவிட்டு இவ்வளவு குறைத்து வைப்பது நியாயமில்லை என்று மறுத்தார்கள்.

இந்தச் சண்டையில் யார் பக்கம் என்று கேட்பதற்கு முன், அந்தச் சதவீதத்துக்குள் இரண்டு வேறு பொருள்கள் இருப்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வருங்காலத்தவர் நம்மைவிடப் பணக்காரராக இருப்பார்கள், ஆகவே அவர்களுக்கு ஒரு ரூபாய் இழப்பு நமக்கு வலிப்பதைவிடக் குறைவாகவே வலிக்கும் என்பது ஒன்று. இது நியாயமான கருத்து. ஆனால் அவர்கள் உண்மையிலேயே பணக்காரராக இருந்தால்தான் செல்லும். மீஞ்சூர்ப் பக்கத்து விவசாயிக்கு அந்த ஊகம் பலித்ததா என்று கேட்க வேண்டும். நாட்டின் சராசரி ஏறியது என்பதால் அவர் வயல் விளைந்துவிடாது. மற்றொன்று, பின்னால் வருகிறவர் என்ற ஒரே காரணத்துக்காக அவருடைய துன்பத்தைக் குறைத்து எண்ணுவது. ஒரு வலி 2075இல் வருகிறது என்பதாலேயே அது சிறிய வலி ஆகாது. இது அறத்தால் நிறுவ முடியாதது, கற்பனையின் பலவீனத்தில் பிறப்பது என்று கேம்பிரிட்ஜ் தத்துவ, கணித அறிஞர் ஃப்ராங்க் ராம்சே 1928லேயே எழுதினார். அது சரியென்றே நான் கருதுகிறேன். ஸ்டெர்னும் இந்தப் பகுதிக்கு வெறும் 0.1 சதவீதமே வைத்தார். அதுவும் மனித இனமே இல்லாமல் போய்விடக்கூடும் என்ற சிறு வாய்ப்பைக் கருதித்தான். வளர்ச்சியை எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதில் நேர்மையானவர்கள் கருத்து வேறுபடலாம். பிறந்த தேதிக்காகக் கழிப்பதில் அப்படி இரு பக்கம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

“தண்ணீர் போனால் என்ன, மாற்று கொடுத்துவிட்டோமே” என்று ஒருவர் கேட்கக்கூடும். அந்தக் கேள்விக்கு மதிப்பளிக்க வேண்டும். மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010 முதல் கடல் நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் நிலையம் இயங்குகிறது. நாம் விட்டுச்செல்ல வேண்டியது அதே படுகையா, அல்லது தாகம் தீர ஏதாவது வழியா? தாகம் தீர்ந்தால் போதும் என்றே நானும் சொல்வேன். ஒரு குறிப்பிட்ட மணல் படுகைக்கு மட்டும் தனிப் புனிதம் எதுவும் இல்லை. ஆனால் மாற்று மாற்றாக இருக்க வேண்டும். கடல் நீரை நுண்ணிய சவ்வு வழியாக அழுத்தி உப்பைப் பிரிக்கும் எதிர்ச் சவ்வூடு முறையில் ஆயிரம் லிட்டருக்கு ஏறத்தாழ 3 முதல் 4 யூனிட் மின்சாரம் வேண்டும். 10 கோடி லிட்டருக்கு நாள்தோறும் மூன்று நான்கு லட்சம் யூனிட். மழை சும்மா நிரப்பிக்கொண்டிருந்த ஒன்றுக்கு இனி வருகிறவர்கள் எல்லோரும் என்றென்றும் மின் கட்டணம் செலுத்த வேண்டும். அந்த நீரும் குழாய் போகிற இடத்துக்குத்தான் போகும். உப்பு ஏறிய வயலுக்கு வராது. பயன் ஒருவருக்கும் பாரம் மற்றொருவருக்கும் என்று ஆனபின் அதை ஈடு என்று சொல்லக் கூடாது.

ஈடு செய்வதற்கு ஒழுங்கான முயற்சி ஒன்றை உச்ச நீதிமன்றம் 2014இல் செய்தது: கோவாவில் இரும்புத் தாது விற்ற தொகையில் 10 சதவீதத்தை வருங்காலத் தலைமுறையை முன்னிட்டு ஒரு நிரந்தர நிதியில் போட வேண்டும் என்று உத்தரவிட்டது. வேலூர் வட்டாரத் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் பாலாற்றுப் பகுதி நீரைக் கெடுத்த வழக்கில், 1996இலேயே தலைமுறைகளுக்கு இடையிலான நீதியை நீடித்த வளர்ச்சியின் கூறுகளில் ஒன்றாக அந்த நீதிமன்றம் எண்ணியிருந்தது. தாது எடுத்தால் தீரும் பொருள். அதற்கு நிதி பொருத்தம். நிலத்தடி நீர் மழையால் திரும்புவது. அதற்குப் பொருத்தமான கடமை, ஆண்டு மழை உள்ளே இறக்குவதற்கு மேல் இறைக்காமல் இருப்பதும், கரையோரத்தில் நீர்மட்டத்தைக் கடல் மட்டத்துக்கு மேல் நிறுத்துவதும், கண்காணிப்புக் கிணறுகளில் குளோரைடு ஏறத் தொடங்கிய முதல் பருவத்திலேயே பம்பைக் குறைப்பதும்தான்.

இந்தக் கடமையை யார் தலையில் வைப்பது என்பதில் ஓர் அநீதி எளிதாக நுழைந்துவிடும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறக்குறைய வறண்டு, லாரிக்காகக் குடங்களோடு வரிசையில் நின்றவர்களை நாம் பார்த்தோம். அவர்களிடம் போய் 2075ஆம் ஆண்டுக்காகச் சிக்கனம் பிடிக்கச் சொல்ல யாருக்கும் தகுதி இல்லை. எந்த வரம்பை வைத்துப் பிறக்காதவருக்காக வாதாடினேனோ, அதே வரம்புக்குக் கீழே இன்று நிற்பவர் அவர். வரம்புக்கு மேலே இருப்பவர்கள், இறைப்புக்கு அனுமதி கொடுக்கும் அலுவலகங்கள், விற்பனைக்கு உறிஞ்சும் லாரி வியாபாரம், புல்தரைக்கு நீர் தெளிக்கும் அடுக்கக வளாகங்கள் ஆகியவற்றிலிருந்து இது தொடங்க வேண்டும். எத்தனை தலைமுறை வரைக்கும் என்று நீங்கள் அடுத்துக் கேட்டால், ஓர் எண்ணைச் சொல்ல என்னால் முடியாது. களிமண்ணில் ஏறிய உப்பு வெளியேற எவ்வளவு காலம் ஆகுமோ, குறைந்தது அவ்வளவு காலத்துக்கு நம் செயல் அங்கே இருக்கிறது. பொறுப்பும் அதுவரையாவது இருக்கிறது.